கிரெடிட் கார்டிலிருந்து வாலட்டில் போட்ட பணம் ஏன் வங்கிக்குப் போகவில்லை?

கேள்வி: வீட்டு வாடகைக்காக கிரெடிட் கார்டிலிருந்து வாலட்டில் 15,000 ரூபாய் போட்டு, அங்கிருந்து என் வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள நினைத்தேன். முதலில் 8,000 போட்டேன். கார்டில் 8,188.80 பிடித்திருக்கிறார்கள். மீதி 7,000 போடப் போனால் வரம்பு தாண்டிவிட்டது என்கிறது. வங்கிக்கு அனுப்பும் வசதியும் திறக்கவில்லை. ஆதார் எண்ணைப் பதிவு செய்யும்போதே கொடுத்துவிட்டேன். பணத்தை எப்படி எடுப்பது?

பதில்: ஆதார் எண்ணைத் தட்டச்சு செய்து கொடுப்பது வெறும் சுய அறிவிப்புதான். அதை யாரும் சரிபார்க்கவில்லை. அதனால் ரிசர்வ் வங்கியின் 2021 விதிகளின்படி உங்களுடையது சிறு வாலட். அதில் ஒரு மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது. நிதியாண்டு முழுவதற்கும் சேர்த்து 1,20,000 தான். இருப்பும் எந்த நேரத்திலும் 10,000-ஐத் தாண்டக்கூடாது. பொருள் வாங்கலாம், சேவைக்குக் கட்டலாம். இன்னொருவருக்கு அனுப்பவோ, வங்கிக்கு மாற்றவோ, ரொக்கமாக எடுக்கவோ அனுமதி இல்லை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இருக்கும் 8,000-ஐச் செலவழித்துவிட்டால் மறுபடி 8,000 போடலாம் என்று நினைக்கிறார்கள். செலவு செய்தால் இருப்பு வரம்பில்தான் இடம் கிடைக்கும். மாத வரம்பு, உள்ளே வந்த பணத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இந்த மாதம் உங்களால் இன்னும் 2,000 தான் போட முடியும்.

இப்போது கட்டணம். உங்களிடம் கூடுதலாகப் பிடித்த 188.80 ரூபாய் என்பது 8,000-க்கு 2 சதவீதமான 160 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 28.80-ம். இது வாலட் நிறுவனம் வாங்கியது. கார்டு நிறுவனம் தனியாக வாங்குவது பில் வரும்போதுதான் கண்ணில் படும். வாலட்டில் பணம் போடுவது 6540 போன்ற தனி வணிகக் குறியீட்டில் பதிவாவதால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். எச்டிஎஃப்சி வங்கி 2025 ஜூலை முதல், மாதத்தில் 10,000-க்கு மேல் வாலட்டில் போட்டால் 1 சதவீதம் என்று வைத்தது. எஸ்பிஐ கார்டு 2025 நவம்பர் முதல் 1,000 ரூபாயைத் தாண்டினாலே 1 சதவீதம் என்றது. உங்கள் கார்டிலும் எஸ்பிஐ கார்டு போன்ற விதி இருந்தால் ஏறக்குறைய 82 ரூபாயும் ஜிஎஸ்டி 15 ரூபாயும் சேரும். அப்படியானால் 8,000 ரூபாய்க்கு மொத்தச் செலவு சுமார் 286. இரண்டு மாதம் கூட நீடிக்காத கடனுக்கு மூன்றரை சதவீதம் கொடுத்ததாக ஆகும். பெரும்பாலான கார்டுகளில் இதற்கு ரிவார்டு பாயிண்டும் கிடையாது.

பணத்தை எடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. நான் சொல்வது, எடுக்கவே வேண்டாம் என்பதுதான். மளிகை, மருந்து, மின்கட்டணம் எல்லாவற்றையும் இந்த மாதம் வாலட்டிலிருந்தே கட்டுங்கள். அதற்காக வங்கியில் ஒதுக்கி வைத்திருந்த பணம் வாடகைக்கு மிஞ்சும். புதிதாக ஒரு கட்டணமும் இல்லை.

இரண்டாவது, முழு கேஒய்சி முடிப்பது. நேரிலோ, செயலிக்குள்ளேயே வீடியோ அழைப்பிலோ செய்வார்கள். பான் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இருப்பு வரம்பு 2 லட்சமாக உயரும், வங்கிக்கு அனுப்பும் வசதியும் கிடைக்கும். ஆனால் அனுப்புவதற்குத் தனிக் கட்டணம் பிடிக்கும் வாலட்டுகள் பல. கார்டிலிருந்து வந்த பணத்தை வங்கிக்கு விடாதவையும் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். கேஒய்சி முடியவில்லை என்று போனில் கூப்பிட்டு லிங்க் அனுப்புகிறவர்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.

மூன்றாவது, வாலட்டை மூடச் சொல்லலாம். ரொக்கம் போட முடியாத வகைச் சிறு வாலட்டாக இருந்தால், மூடும்போது பணம் வந்த வழியிலேயே, அதாவது உங்கள் கார்டுக்கே, திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வங்கிக் கணக்கில்தான் வேண்டும் என்றால் அப்போதும் கேஒய்சி கேட்பார்கள். கட்டிய 188.80 திரும்பி வரும் என்று எண்ணாதீர்கள்.

பணம் போடும் முன் திரையில் கட்டணத்தைக் காட்டாமல் பிடித்திருந்தால் மட்டும் விடாதீர்கள். முதலில் வாலட் நிறுவனத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் செய்து அதன் எண்ணை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லையென்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். கார்டு ஸ்டேட்மென்டையும் வாலட் பரிவர்த்தனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இன்றே சேமித்து வையுங்கள்.