கடைக்கு என்ன பெயர் வைப்பது?

*கல்லடியில் அப்பா நடத்திவந்த தேத்தண்ணிக் கடையை இப்போது நான் பொறுப்பெடுத்திருக்கிறேன். இதுவரை கடைக்குப் பெயர்ப்பலகையே இல்லை. விடிய ஐந்தரைக்குத் திறந்தால் கடலுக்குப் போய் வருபவர்கள், ஓட்டோக்காரர்கள், கந்தோருக்குப் போகிறவர்கள் வருவார்கள். அப்பா தடித்த கண்ணாடி போடுவதால் அவர்கள் 'கண்ணாடியர்ட கடை' என்பார்கள். பின்னேரம் ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளுக்கு ரோல்ஸ், கட்லட், சுண்டல் போடத் தொடங்கியிருக்கிறேன். தங்கச்சி 'சிப் அன் சில்' என்று வைக்கச் சொல்கிறாள். நண்பன் 'மீன்பாடும் கபே' என்கிறான். எனக்கு 'ஐந்தரை' பிடித்திருக்கிறது. எதை வைக்கலாம்?*
*— ஒரு வாசகர், மட்டக்களப்பு*

தம்பி, காலையில் வருபவர்களுக்கு உங்கள் கடையில் பெயர்ப்பலகை தேவையில்லை. இருட்டோடு வந்தாலும் கால் தானாக அங்கே வந்து நிற்கும். பெயர் தேவைப்படுவது பின்னேரக்காரருக்குத்தான். ஆனால் அவர்களுக்காக வைக்கும் பெயர் காலைக்காரரை வாசலில் தயங்க வைக்கக்கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடைப் பெயரைப் பலகையில் எழுதிப் பார்ப்பதை விட வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். ரியூசன் முடிந்த பிள்ளைக்கு ஃபோன் வருகிறது, "எங்க நிக்கிறாய்?" என்று. அதற்கு அவன் சொல்லும் பதிலில் உங்கள் பெயர் தடக்காமல் வர வேண்டும். நம் பேச்சில் இடப்பெயர் தனியாக வராது. 'ல' சேரும், 'க்கு' சேரும், 'ட கடை' சேரும். இவற்றைச் சேர்த்துச் சொல்லும்போது வாய் மறுத்தால், பிள்ளைகள் அந்தப் பெயரை விட்டுவிட்டு வேறொன்றைத் தாங்களாகவே வைத்துக்கொள்வார்கள்.

'மீன்பாடும்' அப்படித்தான் விழுகிறது. "மீன்பாடுமில நிக்கிறன்" என்று எவரும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அந்தச் சொல் பாதியில் நிற்கிறது. பேச்சில் அது 'மீன் கபே' ஆகும், பிறகு 'மீன் கடை' ஆகும். கல்லடியில் மீன் கடை என்றால் ஆட்கள் வேறு இடத்துக்குத்தான் போவார்கள். அதோடு 'மீன்பாடும் தேனாடு' என்பது ஊர் முழுவதற்கும் சொந்தமான அடைமொழி. ஃபோனில் தேடினால் வாவியும் பாலமும் பாட்டும்தான் வரும், உங்கள் கடை அடியில் கிடக்கும்.

'சிப் அன் சில்' பிள்ளைகளின் வாய்க்குச் சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் வலை இழுத்துவிட்டு வரும் மாமாவுக்கு 'சில்' என்பது வண்டிச் சில்லுதான். பெயரைக் கேட்டால் குளிர்பானக் கடை என்றுதான் தோன்றும். உங்கள் காலை வியாபாரமோ கொதிக்கக் கொதிக்க ஊற்றும் பிளேன்டீ. 'கபே' என்ற சொல்லிலும் கவனமாக இருங்கள். விலைப் பட்டியலில் ஒரு சதமும் கூட்டாமல் இருந்தாலும், அந்தச் சொல்லைப் பலகையில் கண்டால் ஓட்டோக்காரர் பிளேன்டீ விலை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். உங்களிடம் வந்து விலை கேட்டுவிட்டுப் போகமாட்டார், அதனால் அவர் ஏன் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியவும் வராது.

உங்கள் 'ஐந்தரை' எனக்கும் பிடித்தது. விடிய ஐந்தரை, பின்னேரம் ஐந்தரை, இரண்டு கூட்டத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் பேச்சில் அது 'அஞ்சரை'. "அஞ்சரைக்கு வா" என்றால் கடைக்கு வரச் சொல்கிறானா, நேரத்தைச் சொல்கிறானா? "ஆறு மணிக்கு அஞ்சரைக்கு வா" என்று சொல்ல வேண்டிவரும். திறக்கும் நேரத்தை என்றாவது மாற்றினால் பலகை பொய்யாகிவிடும். விட்டுவிடுங்கள்.

மிஞ்சி நிற்பது 'கண்ணாடியர்'. காலைக்காரர் ஏற்கெனவே வைத்த பெயர் இது, புதிதாக ஒன்றும் பழக வேண்டாம். பிள்ளைகளுக்கு "கண்ணாடியர்ல நிக்கிறம்" என்பது ஒரே மூச்சில் வரும். ஒரு ஆளின் பெயர் போல இருப்பதால் காதில் ஒட்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 'ர்' விழக்கூடாது. அழகுக்காகச் சுருக்கி 'கண்ணாடிக் கடை' என்று போட்டீர்களானால், யன்னலுக்குக் கண்ணாடி வெட்ட ஆள் வரும், மூக்குக்கண்ணாடி செய்யவும் வரும். ஆகவே 'கண்ணாடியர்' என்பதைப் பெரிதாக எழுதி, கீழே சிறிதாக 'தேநீர் - சிற்றுண்டி' என்று போடுங்கள். அந்தச் சிறிய வரியைப் பேச்சில் யாரும் சொல்லமாட்டார்கள், புதிதாக வருபவர் கண்ணுக்குத்தான் அது.

ஆனால் பலகைக்குக் காசு கொடுக்க முன் அப்பாவிடம் கேளுங்கள். பட்டப்பெயர் இரண்டு வகை. முகத்துக்கு நேரே கூப்பிட்டு, அவரும் சிரித்துத் திரும்பிப் பார்ப்பது ஒன்று. முதுகுக்குப் பின்னால் சொல்வது இன்னொன்று. "கண்ணாடியர், இன்னொரு பிளேன்டீ" என்று அவருக்கு நேரேயே சொல்கிறார்களா என்று இரண்டு மூன்று காலை நின்று காது கொடுங்கள். சொல்கிறார்கள் என்றாலும் அவர் வாயால் சம்மதம் வர வேண்டும். பார்வைக் குறையைச் சொல்லிக் காட்டுகிறார்கள் என்று அவர் மனதுக்குள் நினைத்திருந்தால் இந்தப் பெயர் வேண்டாம். அப்படியானால் பின்னேரப் பிள்ளைகள் இப்போது கடையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்து அங்கிருந்து தொடங்குங்கள். "என்ன பெயர் பிடிக்கும்?" என்று அவர்களிடம் கேட்டால் முகத்துக்காக ஒன்றைச் சொல்வார்கள். ஃபோனில் பேசும்போது வருவதுதான் உண்மை.

அப்பா சரி என்றால், ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை ஒரே தடவையில் முடிவு செய்யுங்கள். Kannadiyar என்று வைத்தால் பலகை, கூகிள் மேப், முகநூல் எல்லாவற்றிலும் அதே எழுத்து இருக்கட்டும். ஓரிடத்தில் Kannaadiyar, இன்னோரிடத்தில் Kannadiar என்று கிடந்தால், தேடுகிற பிள்ளைக்கு வேறு வேறு கடை போலத் தெரியும்.

பலகை எழுதுபவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பத்து அடி தூரத்துக்கு எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் சொல்லும் பொதுக் கணக்கு. வீதியின் மறுபக்கம் நாற்பது அடி என்றால் நான்கு அங்குலம், மோட்டார் சைக்கிளில் போகிறவரும் பார்க்க இன்னும் கூட்டலாம். அடுத்தது, ண் மேலும் ர் மேலும் வரும் புள்ளிகள். மெல்லிய எழுத்தில் அவை தூரத்தில் மறைந்துவிடும், அதனால் எழுத்தும் புள்ளியும் தடிப்பாக வேண்டும். பிள்ளைகள் வரும் நேரம் பொழுது படும் நேரம் என்பதால் பலகைக்கு மேலே ஒரு விளக்கும் வேண்டும்.

கடைசியாகக் கந்தோர் வேலை. கடைக்குப் பெயர் வைத்து நடத்துவதென்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். உங்களுக்கு மண்முனை வடக்கு பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம், கிராம உத்தியோகத்தரிடமிருந்து தேவையான கடிதத்தையும் கேட்டு வையுங்கள். மாநகர சபையின் வியாபார அனுமதிப்பத்திரத்திலும் அதே பெயர், அதே எழுத்து இருக்க வேண்டும். இந்தப் பதிவு கிடைத்துவிட்டதால் பெயர் உங்களுக்கு மட்டுமே உரியது என்று ஆகிவிடாது. அந்தப் பாதுகாப்பு வேண்டுமானால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வணிகக் குறியாகப் பதிய வேண்டும். ஒரு கடை அளவில் அது இப்போது அவசியமில்லை, நாவற்குடாவிலோ நகரத்திலோ இரண்டாவது கடை போடும் எண்ணம் வந்தால் அப்போது பாருங்கள். பதிவு கையில் வரும் வரை பலகைக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம், அதுவரை மட்டையில் பெயரை எழுதிக் கண்ணாடி அலுமாரியில் ஒட்டி வையுங்கள்.