விற்பவர் வாட்ஸ்அப்புக்குக் கூப்பிட்டு பேநவ்வில் முன்பணம் கேட்டால்

"அக்கா, நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் ஒரு லேப்டாப் பார்த்தேன், 620 வெள்ளி. விற்பவர், 'வாட்ஸ்அப்புக்கு வாங்க, ஆப்பில் கட்டணம் பிடிக்கிறார்கள், பேநவ்வில் நேராகப் போட்டால் 560க்குத் தருகிறேன்' என்கிறார். இன்றே 200 முன்பணம் போட்டால்தான் எடுத்து வைப்பாராம். தன் அடையாள அட்டைப் படம்கூட அனுப்பிவிட்டார். இங்கே இப்படி வாங்குவது வழக்கம்தானா?"

தம்பி, அந்த 200 வெள்ளியைப் போடாதீர்கள். போடுவதற்கு முன் கேட்டீர்களே, எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

வாட்ஸ்அப்பில் பேசக் கூப்பிடுவதை மட்டும் வைத்து ஒருவரை மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. எந்த எம்ஆர்டி நிலையத்தில், எத்தனை மணிக்குச் சந்திக்கலாம் என்று பேசிக்கொள்ள இங்கே பலரும் எண்ணைக் கொடுப்பார்கள். தளங்கள் கட்டணம் பிடிப்பதும் உண்மைதான். அதனால்தான் அந்தப் பேச்சு நம்பும்படி இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, தளத்துக்கு வெளியே, பணம் கேட்கிறாரா? கேட்கிறார். உடனே போடு என்று அவசரமும் படுத்துகிறார்.

ஆப்புக்குள் இருக்கும் கட்டண வசதி வழியாகப் பணம் செலுத்தினால் அது நேராக விற்பவர் கைக்குப் போகாது. தளம் பிடித்து வைத்திருக்கும். பொருள் வந்துவிட்டது, சொன்னபடிதான் இருக்கிறது என்று நீங்கள் உறுதி செய்த பிறகோ, அதற்கான கெடு முடிந்த பிறகோதான் அவருக்குப் போகும். அந்தக் கெடுவுக்குள் நீங்கள் புகார் கொடுத்தால் பணத்தை நிறுத்தி விசாரிப்பார்கள். பேநவ்வில் இந்த இடைவெளி கிடையாது. பொத்தானை அழுத்திய சில நொடிகளில் பணம் அடுத்தவர் கணக்கில் இருக்கும். திரும்பப் பெற உங்களிடம் பொத்தான் இல்லை, வங்கியும் தானாகத் திருப்பி எடுக்காது. அவர் குறைக்கிற 60 வெள்ளிக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது இந்தப் பாதுகாப்பைத்தான்.

எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த தஞ்சாவூர்ப் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவன் வாங்கப் பார்த்தது பழைய கைப்பேசி. முதலில் 150 வெள்ளி முன்பணம் போட்டான். மறுநாள், "கூரியர்காரர் பொருளுக்குக் காப்புறுதி கேட்கிறார், 120 போடுங்கள், கையில் கிடைத்ததும் அது திரும்ப வந்துவிடும்" என்று செய்தி வந்தது. போட்டான். அப்புறம், "நீங்கள் போட்டது கணக்கில் காட்டவில்லை, இன்னொரு எண்ணுக்குப் போடுங்கள், முதலில் வந்ததைத் திருப்பிவிடுகிறேன்" என்றார்கள். அதையும் போட்டான். போட்ட காசை விட மனம் வராமல்தான் ஒவ்வொரு முறையும் அடுத்ததைப் போட்டான். அவசரம், முன்பணம், பிறகு திரும்பத் தருவதாகச் சொல்லும் கட்டணம் என்று பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகும். கடைசியில் விற்பனை விளம்பரமும் இல்லை, விற்பவர் கணக்கும் இல்லை. பேச்சு முழுவதும் வாட்ஸ்அப்பில் நடந்ததால், பேரத்தைப் பற்றித் தளத்திடம் காட்ட ஒரு வரிகூட இல்லை.

அடையாள அட்டைப் படத்தை நம்பாதீர்கள். அது முன்பு ஏமாந்த வேறு யாருடைய அட்டையாகவும் இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், பதிலுக்கு உங்கள் வேலை அனுமதி அட்டையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். அடுத்து ஏமாற்றப் பார்க்கும் ஆளிடம் அதைத் தன்னுடையது என்று காட்டுவார்கள். பேநவ்வில் எண்ணைப் போட்டதும் திரையில் ஒரு பெயர் வருமே, அது அட்டையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒத்துப்போனாலும் அதை உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. காசுக்காகத் தங்கள் வங்கிக் கணக்கையே மோசடிக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் அங்கே வந்த வேகத்தில் வேறு கணக்குக்குப் போய்விடும்.

சிலர் முன்பணம் கேட்பதற்குப் பதிலாக, "சரி, தளத்தின் வழியாகவே செய்யலாம்" என்று சொல்லி ஓர் இணைப்பு அனுப்புவார்கள். தளத்தின் சின்னத்தோடு, அச்சு அசலாக ஒரு பக்கம் திறக்கும். அதில் அட்டை எண்ணும் ஓடிபியும் கேட்பார்கள். உண்மையான கட்டணப் பக்கத்துக்கு ஆப்புக்குள் இருந்துதான் போக வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பிலிருந்து அல்ல.

பணம் போன பிறகு சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 2024 டிசம்பரிலிருந்து, வங்கியோ தொலைபேசி நிறுவனமோ தன் கடமையில் தவறியிருந்தால் மோசடியில் போன பணத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிய விதிமுறை ஒன்று இங்கே நடப்பில் இருக்கிறது. ஆனால் அது போலி இணையப் பக்கத்தில் உங்கள் வங்கி விவரங்களைத் திருடி, உங்களுக்குத் தெரியாமல் பணத்தை எடுக்கும் வகைக்குத்தான். நீங்களே பார்த்து, நீங்களே பேநவ்வில் அனுப்பியது அதில் சேராது. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும், ஆனால் எதிராளி யார், எங்கே இருக்கிறார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். திருட்டு அட்டையில் இருக்கும் பெயரை வைத்து அங்கே என்ன செய்வது?

ஏற்கனவே ஏதாவது அனுப்பியிருந்தால், தயவுசெய்து வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால்தான் முடக்க முடியும், அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அட்டை விவரம் கொடுத்திருந்தால் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். பிறகு போலீஸ் புகார். அதை இணையத்திலேயே கொடுக்கலாம். பரிவர்த்தனை விவரம், அவருடைய எண், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் திரைப்பிடி எடுத்து வையுங்கள். சந்தேகமாக இருக்கும்போதே கேட்க 1799 என்ற எண் 24 மணி நேரமும் இருக்கிறது. ஸ்கேம்ஷீல்டு ஆப்பிலும் அந்த வாட்ஸ்அப் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள், புது எண்ணாக இருக்கும்.

லேப்டாப் வேண்டும்தானே? இன்று இரவு ஆப்பிலேயே அவருக்கு இப்படி எழுதுங்கள்: "முன்பணம் தர மாட்டேன். நேரில் பார்த்து, அங்கேயே முழுப் பணமும் தருகிறேன். முடியாவிட்டால் ஆப் கட்டணம் வழியாக 620க்கே வாங்கிக்கொள்கிறேன்." நேர்மையானவர் இரண்டில் ஒன்றுக்கு ஒத்துக்கொள்வார். வெளியூரில் இருக்கிறேன், ராணுவ முகாமில் இருக்கிறேன், இன்னொருவர் பணத்தோடு காத்திருக்கிறார் என்று ஆரம்பித்தால், அந்தக் கணக்கைத் தளத்தில் புகார் செய்துவிட்டு வேறு விளம்பரம் பாருங்கள்.

சந்திக்க ஒத்துக்கொண்டால், எம்ஆர்டி நுழைவாயிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கைமாற்றிக்கொள்ளும் இங்கத்து வழக்கம் லேப்டாப்புக்குப் போதாது. வெளியே வந்து, ஆள் நடமாட்டமுள்ள ஓர் உணவங்காடி நிலையத்தில் உட்காருங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டு ஓட விடுங்கள், வைஃபை பிடிக்கிறதா பாருங்கள். பழைய உரிமையாளரின் கணக்கை உங்கள் கண்முன்னே வெளியேற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போனதும் பூட்டிக்கொண்டு நிற்கும். அதெல்லாம் சரியாக இருந்தால், அந்த மேசையிலேயே பேநவ்வில் போடுங்கள்.