பீரோவில் இருப்பது யாருக்கு?

“அப்பா உயிலில் ‘செல்லூர் வீடும் அதில் உள்ள சகல சாமான்களும் என் மகளுக்கு, மீதி எல்லாம் மகனுக்கு’ என்று எழுதியிருக்கிறார். பீரோவில் 18 பவுன் நகையும் வங்கி டெபாசிட் ரசீதும் இருக்கின்றன. தம்பி தர மாட்டேன் என்கிறான்.”

அக்கா, ரசீதையும் நகையையும் தனித்தனியாகப் பாருங்கள். ரசீது பீரோவில் இருந்தாலும் பணம் வங்கியில்தான் இருக்கிறது. அது வங்கி அப்பாவுக்குத் தர வேண்டிய கடன், வீட்டுச் சாமான் ஆகாது. உயிலில் வேறு எங்கும் டெபாசிட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால், அது ‘மீதி’யில் சேர்ந்து தம்பிக்குப் போகத்தான் வாய்ப்பு அதிகம். வங்கியில் நீங்கள் நாமினியாக இருந்தாலும் பணத்தை வாங்கும் உரிமைதான் உங்களுக்கு, சொந்தமாகிவிடாது.

நகைதான் இழுபறி. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 82-இன்படி ஒரு வரியை மட்டும் பிய்த்துப் படிக்கக்கூடாது, முழு உயிலையும் சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும். ‘கட்டில், பாத்திரம் முதலான சாமான்கள்’ என்று எழுதியிருந்தால் பொருள் அந்த வகைக்குள் சுருங்கிவிடலாம். வேறு பத்தியில் ‘என் நகைகள்’ என்று தனியாக வந்தால், அவர் ‘சாமான்’ என்றபோது நகையை நினைக்கவில்லை என்பார்கள். இரண்டும் இல்லையென்றால் ‘சகல’ என்ற சொல் உங்கள் பக்கம்.

அப்புறம், நீதிபதி அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்: எழுதும்போது அந்த நகை அந்த பீரோவில்தான் இருந்ததா, லாக்கரிலா, யார் அணிந்தது? அதற்கான சாட்சியைச் சேருங்கள். “அப்பா என்னிடம் சொன்னார்” என்பது அவ்வளவாக எடுபடாது. நகை அம்மாவுடையது என்றால் உயிலே அதைத் தொடாது.