வெட்டிய கட்டிடப் படத்தை வெளிப்பக்கம் நீட்டுவது: கேள்வி பதில்

கட்டிடப் படங்களைத் திருத்துவதுதான் என் தினசரி வேலை. ஓரம் வெட்டுப்பட்ட படத்துக்குச் சுவர், வானம், தரை சேர்ப்பது பற்றி மட்டும் கேளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெட்டாத மூலப்படம் எங்காவது கிடைக்குமா என்று தேடிவிட்டு வாருங்கள். கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம்.

மொட்டைமாடி: சாய்வாக எடுத்த நீளச் சுவர். மூன்று தூண் தெரிகிறது, அதோடு வெட்டிவிட்டார்கள். வலப்பக்கம் இரண்டு தூண் வேண்டும். கடைசிக் கட்டத்தைக் காப்பி எடுத்து, சின்னதாக்கி ஒட்டினேன். பொம்மை வீடு மாதிரி இருக்கிறது. ஏன்?

அகலத்தையும் உயரத்தையும் ஒரே அளவில் சின்னதாக்கியிருப்பீர்கள். தூரம் போகப் போக அகலம் உயரத்தைவிட வேகமாகக் குறையும்.

முதலில் கேன்வாஸை வலப்பக்கம் தாராளமாக அகலமாக்குங்கள். மேல் விளிம்பு, ஜன்னல் அடி, தூண் அடி என்று தொலைவுக்கு ஓடும் கோடுகளை எல்லாம் நீட்டுங்கள். அவை கூடும் இடம்தான் மறைபுள்ளி. கண்மட்டத் தொடுவானக் கோடு அதன் வழியாகத்தான் போகும். கட்டிடம் மறைக்கிறதா, மரம் மறைக்கிறதா என்பது முக்கியமில்லை, அந்தக் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

செங்குத்துக் கோடுகள் சாயாத படம் என்று வைத்துக்கொள்வோம். மறைபுள்ளியிலிருந்து முதல் தூண் 2400 பிக்சல் தள்ளி இருக்கிறது, இரண்டாவது 2000. ஏதாவது ஒரு எண்ணை இந்தத் தூரங்களால் வகுத்தால், வருகிற விடைகள் சம அளவில் ஏறும். 12000ஐ எடுத்துக்கொண்டால் முதல் தூணுக்கு 5, இரண்டாவதுக்கு 6. அப்படியானால் அடுத்தவை 7, 8, 9. திருப்பி வகுத்தால் மூன்றாவது தூண் 1714, நான்காவது 1500, ஐந்தாவது 1333. மூன்றாவது தூண் ஏற்கனவே படத்தில் இருக்கிறது அல்லவா? அது 1714ல் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறைபுள்ளி தப்பு, அல்லது தூண்கள் நிஜத்திலேயே சம இடைவெளியில் இல்லை.

இப்போது இடைவெளிகளைப் பாருங்கள்: 400, 286, 214, 167. உயரமோ தூரத்தோடு நேர் விகிதத்தில் குறையும். முதல் தூண் 600 பிக்சல் என்றால் அடுத்தவை 500, 429, 375. ஆக உங்கள் கடைசிக் கட்டத்தின் அகலம் 286, இடது உயரம் 500, வலது உயரம் 429. புதிய கட்டத்துக்கு அகலம் 214, இடது 429, வலது 375. உயரம் ஏழில் ஒரு பங்கு குறைகிறது, அகலம் நாலில் ஒரு பங்கு. ஃபோட்டோஷாப்பில் Distort, கிம்ப்பில் Perspective கருவியை எடுத்து, காப்பியின் நான்கு மூலைகளையும் அந்தந்த இடத்தில் உட்கார வையுங்கள். உள்ளே இருக்கும் ஜன்னல் தானாகவே சரியான இடத்துக்குப் போய்விடும்.

கணக்கு பிடிக்காதவர்களுக்குக் கோட்டு வழியும் உண்டு. தூண்களின் மேல் கோடு, அடிக் கோடு இரண்டையும் மறைபுள்ளிக்கு இழுங்கள். இரண்டாவது தூணின் மேல் முனையிலிருந்து மூன்றாவது தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு சாய்கோடு. அது அடிக் கோட்டைத் தொடும் இடத்தில் நான்காவது தூண்.

தூரிகை: இவ்வளவு கணக்கு எதற்கு? ஒவ்வொரு இடைவெளியையும் முந்தையதில் 0.7 மடங்கு ஆக்கினால் போதும். பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

முதல் படிக்கு நீங்கள் சொல்வது கிட்டத்தட்ட சரி. 286ஐ 400ஆல் வகுத்தால் 0.715. ஆனால் அடுத்த படிக்கு விகிதம் 0.75, அதற்கடுத்து 0.78. விகிதம் மெல்ல மெல்ல 1ஐ நோக்கிப் போகிறது. ஒரே எண் எப்போதும் வராது.

தூரிகை: 0.715 வைத்தே போட்டுப் பார்த்தேன். 204 வருகிறது, உங்களுக்கு 214. பத்து பிக்சலை யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்ததையும் போடுங்கள். உங்களுக்கு 146, எனக்கு 167. ஐந்தாவது தூண் மொத்தமாக 31 பிக்சல் இடம் மாறி நிற்கும், ஆனால் அதன் உயரத்தை மேல் கோடும் அடிக் கோடும் தீர்மானிக்கின்றன. அதனால் அந்தக் கட்டம் மட்டும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. 400ல் தொடங்கி 0.715 மடங்காகக் குறைத்துக்கொண்டே போனால், முடிவில்லாமல் கூட்டினாலும் 1404 பிக்சல்தான் வரும். அதாவது ஆயிரம் தூண் வைத்தாலும் மறைபுள்ளிக்கு ஏறக்குறைய 1000 பிக்சல் முன்னாலேயே எல்லாம் குவிந்து நின்றுவிடும். சுவரின் விளிம்பு மட்டும் தனியே போய்க்கொண்டிருக்கும். இத்தாலியின் ஆல்பெர்ட்டி 1435லேயே இதைக் கண்டித்தார். அவர் காலத்து ஓவியர்கள் சிலர் தரைக் கோடுகளின் இடைவெளியை மூன்றில் இரண்டாக, மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொண்டே போனார்களாம். உங்கள் 0.7க்கு வயது கொஞ்சம் அதிகம்.

தூரிகை: நான் எப்போதும் இரண்டு தூண்தான் சேர்ப்பேன். யாரும் குறை சொன்னதில்லை.

இரண்டு தூணுக்குத் தப்பிக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு தூண் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அரைச்சுவர்: எனக்கு இடப்பக்கம் நீட்ட வேண்டும், அதாவது கேமரா பக்கம். அதே முறைதானே?

கணக்கு அதேதான், பிக்சல்தான் கிடைக்காது. மேலே சொன்ன படத்திலேயே இடப்பக்கம் போனால் 5க்கு முன் 4, 3. தூரம் 3000, 4000. இடைவெளி 600, அப்புறம் 1000. 400 பிக்சலில் இருக்கும் கட்டத்தை 600க்கு இழுத்தால் செங்கல் கோடுகள் மங்கும், 1000க்கு இழுத்தால் பார்க்கவே முடியாது. வேறு கோணத்தில் கிட்டத்தில் எடுத்த சுவர்ப்படம் இருந்தால் அதிலிருந்து பரப்பை எடுத்து மூலையில் பொருத்துங்கள். இல்லையென்றால் ஒரு கட்டத்தோடு நிறுத்திவிடுங்கள்.

கைப்பிடி: என் படம் சின்னதாக இருக்கிறது, 800 பிக்சல்தான். பெரிதாக்க என்ன செய்யலாம்?

அது வேறு விஷயம். நாங்கள் பேசுவது படத்துக்கு வெளியே நீட்டுவது பற்றி.

கோணமானி: fSpyயில் கேமராவைப் பொருத்தி, மீதிக் கட்டிடத்தை 3Dயில் கட்டலாம் என்று பார்த்தேன். மூலைகள் எல்லாம் கோணலாகப் போகின்றன. கோடுகளை மிகக் கவனமாகத்தான் வைத்தேன்.

நல்ல கேள்வி. கோடுகள் சரியாகவே இருக்கலாம். லென்ஸின் அச்சு படத்தின் நடுவில் விழுகிறது என்று மென்பொருள் நினைத்துக்கொள்கிறது. வெட்டாத படத்தில் அது ஏறக்குறைய உண்மை. வலப்பக்கம் 1000 பிக்சல் வெட்டிய படத்தில் பழைய நடு, இப்போதைய நடுவுக்கு 500 பிக்சல் வலது பக்கம் தள்ளி இருக்கும். அதனால் நேரான மூலை 90 பாகையாக வராது. எவ்வளவு வெட்டினார்கள் என்று ஊகிக்க முடிந்தால் Principal point அமைப்பை Manual ஆக்கி நகர்த்துங்கள். செங்குத்துக் கோடுகளும் சாய்ந்து கூடுகிற படமாக இருந்தால், மூன்றாவது மறைபுள்ளியிலிருந்தே அதைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

லென்ஸ் வளைவுத் திருத்தமும் இதே இடத்தில்தான் இடறும். தானியங்கித் திருத்தம் படத்தின் நடுவிலிருந்துதான் அளக்கும், வெட்டிய படத்தில் அது ஒரு பக்கத்தைத் தேவைக்கு மேல் வளைத்துவிடும். மூலப்படத்தைத் தேடுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னது இதற்காகவும்தான்.

வெளிச்சம்: வானத்தை க்ளோன் செய்து நீட்டினேன். சேர்த்த பகுதி தனியாகத் தெரிகிறது. நிறம் சரியாகத்தான் எடுத்தேன்.

ஒரு இடத்து நிறத்தை எடுத்திருப்பீர்கள். தெளிந்த வானம் ஒரே நிறம் இல்லை, சூரியன் பக்கம் வெளுக்கும், கீழே போகப் போகவும் வெளுக்கும். ஒரே உயரத்தில் இடது, நடு, வலது என மூன்று இடங்களில் நிறத்தைப் படியுங்கள். சிவப்பு எண் 142, 150, 161 என்று ஏறினால் நீட்டும் பகுதியிலும் அது ஏறிக்கொண்டே போக வேண்டும். 161லேயே நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு மடிப்பு தெரியும். கிரேடியன்ட்டை 16 பிட்டில் போடுங்கள், இல்லையென்றால் பட்டை பட்டையாக விழும். கடைசியில் பழைய வானத்தில் உள்ள அளவுக்கு க்ரெயின் சேர்க்க வேண்டும். வழுவழுப்பான வானம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

புதுத்தூண்: ஜன்னலைக் காப்பி செய்து ஒட்டினால் சரியாக வரவில்லை. என்ன செய்வது?

முதல் பதிலைப் படியுங்கள்.

மறுபுதுத்தூண்: பால்கனிக்கும் அதே முறைதானா?

அதேதான். தொடுவானக் கோடு போட்டீர்களா?

சோம்பல்: Generative Expand அழுத்தினால் முடிந்துபோகிற வேலை இல்லையா இது?

வானத்துக்கும் புல்தரைக்கும் நானும் அழுத்துகிறேன். தூண் வரிசையில் அது நம்பும்படியான தூண்களைத் தரும், எண்ணிச் சரியான இடத்தில் வைத்துத் தரும் என்று சொல்ல மாட்டேன். அழுத்திய பிறகு அந்தச் சாய்கோட்டை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நிழல்தேடி: கம்பங்கள் வரிசையாக நிற்கும் முற்றம். ஒரு கம்பத்தின் நிழல் முழுதாக இருக்கிறது. புதிதாகச் சேர்த்த கம்பங்களுக்கு அதே நிழலைக் காப்பி செய்தேன். திசை சரி, ஆனாலும் ஒட்டவில்லை.

நிஜத்தில் நிழல்கள் இணையாக இருப்பதால்தான் படத்தில் இணையாக இருக்காது. அவற்றுக்கும் ஒரு மறைபுள்ளி உண்டு. கம்பத்தின் அடியிலிருந்து நிழலின் நுனி வரை ஒரு கோடு போட்டு, தொடுவானத்தைத் தொடும் வரை இரு பக்கமும் நீட்டுங்கள். தொடும் இடம் நிழலின் மறைபுள்ளி. (கோடு போடாமல் வந்தவர்கள் இப்போது போட்டுக்கொள்ளலாம்.) அந்தப் புள்ளி வழியாக ஒரு செங்குத்துக் கோடு. பிறகு கம்பத்தின் உச்சியையும் நிழல் நுனியையும் இணைத்து நீட்டினால், அந்தச் செங்குத்தை ஓரிடத்தில் வெட்டும். சூரியன் எதிரே இருந்தால் அது தொடுவானத்துக்கு மேலே வரும், முதுகுப் பக்கம் இருந்தால் கீழே. புதிய கம்பம் ஒவ்வொன்றுக்கும் அடியை முதல் புள்ளியோடும் உச்சியை இரண்டாவது புள்ளியோடும் இணைத்து நீட்டுங்கள். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் நிழல் நுனி. தரை சமமாக இருந்தால்தான் இது செல்லும், படிக்கட்டில் நிழல் மடியும்.

இதைத் தலைகீழாகவும் செய்யலாம். உச்சி வெட்டுப்பட்டு நிழல் நுனி மட்டும் இருந்தால், உச்சி எவ்வளவு உயரம் என்று அதே கோடுகள் சொல்லிவிடும். இதில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். மேற்பகுதி வெட்டுப்பட்ட கட்டிடத்துக்கு நேரான கைப்பிடிச் சுவர் வரைந்து கொடுத்தேன். சூரியன் கட்டிடத்துக்குப் பின்னால். முன்தரையில் கிடந்த நிழலின் விளிம்பில் ஒரு சதுர மேடு இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அது மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி. படம் அச்சான பிறகுதான் ஒருவர் காட்டினார்.

தூரிகை: ஆறு தூண் போட்டுப் பார்த்தேன். கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. ஆனால் என் படத்தில் அந்த இடத்தில் ஒரு மரம் மறைக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை.

மரம் மூலப்படத்தில் இருந்ததா?

தூரிகை: இல்லை. நான் வைத்தது.

மரத்தின் நிழலை எந்தப் பக்கம் போட்டீர்கள்?