90ஆவது பிறந்தநாளும் ‘மறையாத சூரியனும்’

அன்புள்ள ஐயா,
அடுத்த மாதம் எங்கட அப்பம்மாவுக்கு 90ஆவது பிறந்தநாள். ‘மறையாத சூரியனே, எமக்காக வாழ்ந்தாய், நூறைத் தொடும்வரை நோய்நொடி அணுகாதிருக்க’ என்று வாழ்த்துமடல் எழுதி மாமியிடம் காட்டினேன். “இதென்ன, கல்வெட்டோ?” என்று கேட்டா. அப்பம்மா சகுனம் பார்க்கிறவ. எப்படித் திருத்தலாம்?
தர்சினி, கோண்டாவில்

அன்புள்ள தர்சினி,

மாமிக்கு நல்ல காது. யாழ்ப்பாணத்தில் வயதானவர்களைப் புகழ்ந்து நாம் அதிகம் வாசிப்பது மரண அறிவித்தலிலும், 31ஆம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டிலும்தான். அந்த நடை தெரியாமலே கையில் ஏறிவிடுகிறது.

முதலில் ‘வாழ்ந்தாய்’. இறந்தகாலம் வந்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. ‘வளர்த்தீர்கள்’ என்பதில் குறையில்லை, அது நடந்த காரியம். வாழ்வை மட்டும் முடிக்கக் கூடாது. ஒரு வரியை அப்படியே அஞ்சலி நோட்டீசில் போடலாமென்றால் அதை வெட்டிவிடுங்கள். ‘எங்கள் நெஞ்சில் என்றும் வாழ்வீர்கள்’ இந்தச் சோதனையில் உடனே விழும்.

‘மறையாத’ என்று நீங்கள் மறுத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அறிவித்தல்களில் ‘தோற்றம் – மறைவு’ பார்த்துப் பழகிய கண்ணுக்கு ‘மறை’ மட்டும்தான் தெரியும். நோய்நொடியும் அப்படியே. வேண்டாததைப் பெயர் சொல்லி விலக்குவதைவிட, வேண்டியதை நேரே கேட்பது நல்லது: ‘நலமோடு’. அந்திச் சூரியன், பழுத்த இலை, சாய்ந்த ஆலமரம் படத்திலும் வேண்டாம்.

‘நூறைத் தொடும்வரை’ முப்பது வயதுக்காரருக்கு வாழ்த்து. தொண்ணூறில் அது பத்து வருடத் தவணை. ‘பல்லாண்டு’ என்றால் எல்லை இல்லை.

தொடக்கத்துக்குப் பழைய வழி ஒன்று உண்டு. நூலின் முதற்சொல் மங்கலச் சொல்லாக இருக்கவேண்டும் என்கின்றன பாட்டியல் நூல்கள். சீர், திரு, பொன், பூ, மணி, உலகு எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. நான் இப்படித் திருத்துவேன்:

சீரும் சிறப்பும் சேரும் எங்கள் அப்பம்மா,
பேரரும் பூட்டரும் சூழப் பெருவாழ்வில்
நலமோடு பல்லாண்டு வாழ்க!
திருநீறு பூசி எங்களை வாழ்த்துங்கள்.

கடைசி வரியைக் கட்டாயம் வையுங்கள். ஆசி கொடுக்கவேண்டியவ அவ. நாங்கள் கேட்கிற ஆட்கள்.

பனரும் அடிப்பதென்றால், கடையில் உங்களில் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். முட்டைவடிவச் சட்டம், கறுப்புக் கரை, படத்துக்கு மாலை, பக்கத்தில் எரியும் குத்துவிளக்கு எல்லாம் அவர்களிடம் ஆயத்தமாக இருக்கும். பிறந்த திகதிக்கு முன் ‘மலர்வு’ என்று போட்டுவிட்டால், வாசிக்கிறவர் ‘உதிர்வு’ எங்கே என்று தேடுவார். அப்பப்பா காலமாகியிருந்தால் அவருடைய படத்தை ஒரே சட்டத்தில் சேர்க்காதீர்கள். கேக்கில் மெழுகுதிரி ஊதி நூர்ப்பதும் அவவுக்குப் பிடிக்காது. கேக்கை வெட்டட்டும், சாமியறையில் விளக்கேற்றட்டும்.

‘90’ என்று பெரிதாகப் போடுமுன் அவவிடமே கேளுங்கள். நாவூறு படுமென்று வயதைச் சொல்லவிடாத ஆட்களும் இருக்கினம்.