கிரியேட்டினின் இறங்கிவிட்டது, டயாலிசிஸை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது, எடை 60 கிலோ. பல வருடச் சர்க்கரை நோயில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று டயாலிசிஸ். ஒருமுறை செய்ததும் கிரியேட்டினின் 8-லிருந்து 3-க்கு வந்துவிட்டது. இன்னும் சில முறை செய்தபின் நிறுத்திவிடலாமா? மாற்று அறுவை சிகிச்சை அவசியமா?

பதில்: தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. அந்த 3 என்பது இயந்திரம் அப்போதுதான் ரத்தத்தைக் கழுவி முடித்ததால் வந்த எண். இரண்டு நாளில் அது மறுபடியும் ஏறிவிடும். பாம்புக்கடி போன்ற காரணத்தால் திடீரெனப் பழுதாகும் சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். சில வார டயாலிசிஸுக்குப் பின் நிறுத்தவும் முடியும். சர்க்கரை நோயால் பல வருடங்களாகத் தழும்பேறிப்போன சிறுநீரகம் அப்படித் திரும்பாது.

சிறுநீரகம் வாரம் 168 மணி நேரமும் ஓயாமல் வேலை செய்வது. டயாலிசிஸ் நான்கு மணி நேரமாக மூன்று முறை, மொத்தம் 12 மணி நேரம்தான். அதற்குள் யூரியாவையும் பொட்டாசியத்தையும் தேங்கிய நீரையும் எடுக்க வேண்டும். நீர்தான் பெரிய சிக்கல். 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் ரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். ஆக, ஒரு முறைக்கு 3 லிட்டர்தான் எல்லை. அப்பா நான்கு கிலோ ஏறி வந்தால் ஒரு கிலோ நீர் உள்ளேயே தங்கும். படுத்தால் மூச்சு முட்டும். தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு கிலோவுக்குள் நின்றால் நல்லது. இரண்டு நாள் இடைவெளி விழும் வார இறுதியில் கூடுதல் கவனம் தேவை. இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ரத்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனை இயந்திரத்தால் சுரக்க முடியாது. அதனால்தான் அந்த ஊசி தனியாகப் போடுகிறார்கள்.

மாற்றுச் சிறுநீரகம் இந்த வேலைகளையும் சேர்த்து இரவு பகலாகச் செய்யும். பொதுவாகப் பழையவற்றை எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து இணைப்பார்கள். ஆனால் உடல் அதை அந்நியப் பொருளாகவே பார்க்கும். எனவே டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை, அந்தச் சிறுநீரகம் இயங்கும் வரை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். இதனால் தொற்று எளிதில் வரும். கூடவே தரும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். பொருத்திய சிறுநீரகமும் நிரந்தரமில்லை, பத்து, பதினைந்து வருடங்களில் ஓய்ந்துபோகலாம்.

இருந்தும், இதயம் தாங்குமென்றால் அப்பாவுக்கு மாற்று சிகிச்சையே மேல் என்பது என் கருத்து. முதலில் எக்கோ எடுத்து இதயத்தைப் பாருங்கள். குடும்பத்தில் தானம் தர ஆளில்லை என்றால், மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காக மருத்துவமனை மூலம் இப்போதே பதிவு செய்யுங்கள். காத்திருக்கும் காலத்தில் மருத்துவர் கட்டாயம் என்று சொன்னாலொழிய ரத்தம் ஏற்ற வேண்டாம். ஏற்றிய ரத்தத்துக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள், பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதையே கடினமாக்கிவிடும்.