ஆத்திர அலை தணியும் வரை

கேள்வி: அம்மாவின் மருந்துச் செலவைப் பற்றி அண்ணன் வாட்ஸ்அப்பில் குத்தலாக ஏதாவது எழுதினால், உடனே சுடச்சுடப் பதில் அனுப்பிவிட்டுப் பிறகு வருந்துகிறேன். அடக்க அடக்க ஆத்திரம் கூடத்தான் செய்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அடக்க வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டு. மது, புகைப் பழக்கங்களிலிருந்து மீள முயல்வோருக்காக, வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட் அதை வகுத்தார். உந்துதல் ஓர் அலையைப் போல எழும்பி, உச்சம் தொட்டு, நாம் அதற்குத் தீனி போடாவிட்டால் பெரும்பாலும் இருபது முப்பது நிமிடங்களில் தானே தணியும் என்பதும், அதுவரை அதன் மேல் மிதந்திருக்கப் பழகலாம் என்பதும்தான் அதன் அடிப்படை.

அண்ணனின் செய்தியைப் படித்ததும் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். ஆத்திரம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தாடை இறுகியிருக்கலாம், காதுமடல் சூடாகியிருக்கலாம், கட்டைவிரல் தட்டச்சு செய்யத் துடிக்கலாம். அவற்றுள் மிக வலுவானதைத் தேர்ந்து, அது எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று கவனியுங்கள். மூச்சை மாற்ற முயலாமல், அது போகிற போக்கிலேயே விட்டுவிடுங்கள். சில நிமிடங்களில் ஆத்திரம் முன்னைவிட ஏறும். பலர் முறை பலிக்கவில்லை என்று எழுந்துவிடுவது அந்த இடத்தில்தான், ஆனால் அதுவே உச்சமாக இருக்கக்கூடும்.

உங்கள் விஷயத்தில் பெரிய இடறல் வேறொன்று. கை சும்மா இருக்க, மனம் மட்டும் "அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு யார் வந்தது?" என்று பதிலை வாக்கியம் வாக்கியமாகக் கோக்கத் தொடங்கும். நான் தீனி என்று சொன்னது இதைத்தான். ஒவ்வொரு வாக்கியமும் அலையை மறுபடி எழுப்பும். அதோடு சண்டை போடாமல், "பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் மனதுக்குள் குறித்துவிட்டு, தாடைக்கே திரும்புங்கள். பத்து முறை நழுவினால் பத்து முறையும் திரும்பலாம்.

ஆத்திரம் முழுவதும் கரைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாரா போவன் என்பவரும் மார்லட்டும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையைக் கற்ற கல்லூரி மாணவர்களுக்குப் புகைக்கும் உந்துதல் மற்றவர்களைவிடக் குறைந்துவிடவில்லை. ஆயினும் அடுத்த ஏழு நாட்களில் அவர்கள் குறைவாகவே புகைத்தார்கள். உந்துதல் இருக்கும்போதே அதன்படி நடக்காமல் இருக்க முடிந்தது என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

செலவுக் கணக்கை இந்த வழி தீர்த்துவைக்காது. அதை நீங்கள் அண்ணனிடம் பேசித்தான் ஆக வேண்டும். தாடை தளர்ந்தபின், முடிந்தால் மறுநாள் காலையில், இப்படி எழுதலாம்: "அண்ணா, இந்த மாத மருந்துச் செலவு 6,400 ரூபாய். ரசீதுகளை அனுப்பியிருக்கிறேன். உங்களால் எவ்வளவு தர முடியும் என்று சொல்லுங்கள்."